ஒருவழிச் சீட்டும் திரும்பிப் போவதற்கான சாட்சியமும்

2025 ஜனவரியில் ஒரு நாள் அதிகாலை ஐந்தரை மணிக்கு எனது தொலைபேசி ஒலித்தது. அந்த நேரத்தில் வருகின்ற அழைப்புகள் நல்ல செய்தியைக் கொண்டுவருவதில்லை என்பது இலங்கைத் தமிழர்கள் எல்லோருக்கும் தெரிந்த விடயம். மறுமுனையில் ரொறன்ரோவில் வசிக்கும் எனது பள்ளித் தோழன். அங்கு அப்போது முன்னிரவு ஏழு மணி. வடமராட்சியில் அவனது தாயார் சாகக்கிடக்கிறார் என்பதும் அன்றிரவு விமானம் ஏறுகிறான் என்பதும் எனக்கு முன்கூட்டியே தெரியும்.

"மச்சான், என்னை பிளேனிலை ஏத்த மாட்டினமாம். திரும்பிப் போற டிக்கெட் எங்கை எண்டு கேக்கினம்" என்றான். குரலில் கோபத்தை விடவும் அவமானமே கூடுதலாக இருந்தது.

அவன் கனடியக் கடவுச்சீட்டை வைத்திருப்பவன். இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கவேண்டும் என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தானே தவிர விண்ணப்பிக்கவில்லை. எனவே, பிறந்த மண்ணுக்கு அவன் ஓர் உல்லாசப் பயணியாகவே வரவேண்டியிருந்தது. இணையத்தில் விண்ணப்பித்து 30 நாட்களுக்கான பயண அனுமதியைப் பெற்றிருந்தான். தாயாரின் நிலை எத்தனை நாளைக்கு என்று எவராலும் சொல்லமுடியாதிருந்ததனால் கொழும்புக்கு ஒருவழிச் சீட்டை மாத்திரம் வாங்கினான். சாவுக்குத் திகதி குறித்துத் திரும்பும் சீட்டை எடுக்க எந்த மகனுக்கு மனம் வரும்?

அந்தச் சீட்டை அவனுக்கு விற்ற விமான நிறுவனம் விற்கும்போது எதையும் கேட்கவில்லை. பணம் கழிந்தது, சீட்டு மின்னஞ்சலில் வந்தது. விமானம் புறப்படுவதற்கு மூன்று மணித்தியாலங்கள் இருக்கும்போது அதே நிறுவனத்தின் கருமபீடத்தில்தான் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. இந்தக் கட்டுரை அந்த மூன்று மணித்தியாலங்களைப் பற்றியதும் அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றியதுமாகும்.

கேட்பவர் யார்?

முதலில் விளங்கிக்கொள்ளவேண்டிய விடயம், இந்தக் கேள்வியை எம்மிடம் கேட்பவர் பெரும்பாலும் நாம் போகின்ற நாட்டின் குடிவரவு அதிகாரி அல்ல என்பதாகும். கேட்பவர் நாம் புறப்படுகின்ற விமான நிலையத்தில் பெட்டியை நிறுத்து வாங்குகின்ற விமான நிறுவன ஊழியர். ஒரு நாட்டின் எல்லைக் காவல், அந்த நாட்டிலிருந்து பல ஆயிரம் மைல்களுக்கு அப்பால் சம்பளத்துக்கு வேலைசெய்கின்ற ஓர் இளைஞரிடமோ யுவதியிடமோ ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

அதற்குக் காரணம் இருக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்துக்கு அடிப்படையான 1944 சிக்காகோ உடன்படிக்கையின் 9ஆவது பின்னிணைப்பு, பயணிகள் தாம் செல்லும் நாட்டுக்குள் நுழைவதற்குத் தேவையான ஆவணங்களுடன் ஏறுகிறார்களா என்பதைப் புறப்படும் இடத்திலேயே பார்த்துக்கொள்ளும் பொறுப்பை விமான நிறுவனங்கள் மீது சுமத்துகிறது. போய் இறங்கிய பயணிக்கு அனுமதி மறுக்கப்பட்டால் அவரைத் திருப்பிக் கொண்டுசெல்வதும் ஏற்றிவந்த நிறுவனத்தின் பொறுப்பே. பல நாடுகள் இதற்கு மேலாகத் தண்டப்பணமும் விதிக்கின்றன.

இந்தத் தண்டப்பண முறைமையின் வரலாற்றில் எம்மவர்களுக்கும் ஓர் இடம் இருக்கிறது என்பதை இன்றைய இளைய தலைமுறையினர் அறிந்திருக்கமாட்டார்கள். 1987 பெப்ரவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கி அடைக்கலம் கோரிய 50க்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர்கள் திருப்பி அனுப்பப்படவிருந்த வேளையில், ஓடுபாதை அருகே தமது மேலாடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தப் படங்கள் பிரிட்டிஷ் பத்திரிகைகளை நிறைத்தன. அதற்கு அடுத்த மாதமே அன்றைய உள்துறை அமைச்சர் டக்ளஸ் ஹேர்ட் ஒரு சட்டமூலத்தைக் கொண்டுவந்தார். உரிய ஆவணமின்றி ஏற்றிவரப்படும் ஒவ்வொரு பயணிக்கும் விமான நிறுவனம் 1,000 பவுண் செலுத்தவேண்டும் என்ற அந்தச் சட்டம் அவ்வாண்டிலேயே நிறைவேறியது. பின்னர் அத்தொகை 2,000 பவுணாக உயர்த்தப்பட்டது.

அந்தச் சட்டம் கடவுச்சீட்டையும் விசாவையும் பற்றியதே தவிர திரும்பும் சீட்டைப் பற்றியதல்ல. ஆனால், சந்தேகம் வந்தால் ஏற்றாதே என்ற மனோபாவத்தை விமான நிறுவனங்களிடம் வளர்த்தெடுத்தவை இத்தகைய சட்டங்களே. ஒரு பயணியை ஏற்றாமல் விட்டால் நிறுவனத்துக்கு ஏற்படும் நட்டம் அற்பம். ஏற்றிச்சென்று அவர் மறுக்கப்பட்டால் தண்டமும் திரும்பும் ஆசனமும் தடுத்துவைக்கும் செலவும் அதன் தலையில் விழும். கருமபீட ஊழியர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

திரையில் இருக்கும் வாசகம்

அந்த ஊழியர் தனது மனம்போன போக்கில் தீர்மானிப்பதில்லை. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான அயாட்டா பராமரிக்கும் Timatic என்ற தகவல் தளம் அவரது திரையில் இருக்கிறது. பயணியின் தேசிய இனத்துவத்தையும் செல்லும் நாட்டையும் தங்கும் காலத்தையும் கொடுத்தால் என்ன ஆவணங்கள் தேவை என்று அது சொல்லும். எமது கடவுச்சீட்டை வாங்கிவிட்டு அவர் நீண்டநேரம் திரையைப் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான்.

அந்தத் தளத்தின் வாசகங்களில் இரு வகை உண்டு. சில நாடுகளுக்குத் திரும்பும் சீட்டு அல்லது அப்பால் செல்லும் சீட்டு இருந்தேயாகவேண்டும் என்று நிபந்தனையாக எழுதப்பட்டிருக்கும். வேறு சில நாடுகளுக்கு, அத்தகைய சீட்டு இல்லாதவர்களுக்கு அனுமதி மறுக்கப்படலாம் என்று எச்சரிக்கையாக மாத்திரம் எழுதப்பட்டிருக்கும். முதலாவது வகையில் வாதாடுவதில் பயனில்லை. இரண்டாவது வகையில் ஊழியருக்குத் தீர்மானிக்கும் இடம் இருக்கிறது. மேற்பார்வையாளரை அழைக்கும்படி பணிவாகக் கேட்கலாம். ஒரே நாட்டுக்கு ஒரு நாள் ஒருவரை ஏற்றியதும் மறுநாள் இன்னொருவரை மறித்ததும் ஏன் என்று பலரும் குழம்புவதன் காரணம் பெரும்பாலும் இந்த வேறுபாடுதான்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஓர் அறிகுறியும் உண்டு. முதல் நாள் இணையத்தில் பயணத்தை உறுதிசெய்ய முயலும்போது, ஆசன அட்டையைத் தராமல் ஆவணப் பரிசோதனைக்காகக் கருமபீடத்துக்கு வரும்படி கூறினால் இந்தக் கேள்வி வருவதற்கு வாய்ப்பு அதிகம். எனது தோழனுக்கும் அப்படித்தான் கூறியிருக்கிறது. அவன் அதைப் பொருட்படுத்தவில்லை.

இலங்கையைப் பொறுத்தவரை, பயண அனுமதி பெற்று வருபவர்கள் உறுதிசெய்யப்பட்ட திரும்பும் சீட்டையும் செலவுக்குப் போதிய பணத்தையும் ஆறு மாதங்களுக்குக் குறையாத காலத்துக்குச் செல்லுபடியாகும் கடவுச்சீட்டையும் வைத்திருக்கவேண்டும் என்று குடிவரவு, குடியகல்வுத் திணைக்களம் அறிவுறுத்துகிறது. அவனுக்கு வந்த அறிவித்தலிலும் அது இருந்தது. தாயாரின் நோயைப் பற்றிய தகவலைக் காத்திருக்கும் ஒருவன் நிபந்தனைகளை வரிவரியாக வாசிப்பான் என்று எதிர்பார்க்கமுடியாது. எவரும் வாசிப்பதில்லை என்பதே உண்மை.

மூன்று மணித்தியாலங்கள்

முதலில் அவனுக்குத் தோன்றியது, இருப்பதற்குள் மலிவான சீட்டை வாங்குவோம் என்பது. கொழும்பிலிருந்து சென்னைக்கு ஒரு சீட்டை எடுத்துக் காட்டினால் போதும்தானே என்று என்னிடம் கேட்டான். நானும் சரி என்றே சொன்னேன். நல்லவேளையாக, பணம் கட்டுவதற்கு முன்னர் அவன் அந்த ஊழியரிடம் கேட்டிருக்கிறான். "ஐயா, உங்களிடம் இந்திய விசா இருக்கிறதா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். இல்லை. நுழைவதற்கு அனுமதி இல்லாத ஒரு நாட்டுக்கான சீட்டு வெளியேறுவதற்கான சாட்சியமாகாது. சீட்டும் வேண்டும், அந்தச் சீட்டு கொண்டுபோய்ச் சேர்க்கும் நாட்டுக்குள் நுழையும் உரிமையும் வேண்டும். மாலைதீவுக்கோ சிங்கப்பூருக்கோ எடுத்திருந்தால், கனடியக் கடவுச்சீட்டுக்கு அங்கு முன்கூட்டிய விசா தேவையில்லை என்பதால், அது செல்லுபடியாகியிருக்கும்.

பிறகு கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கே முழுப்பணத்தையும் மீளப்பெறக்கூடிய வகைச் சீட்டு ஒன்றை எடுக்கத் தீர்மானித்தான். அவசரத்தில் அவன் தெரிவு செய்தது இரண்டு மாதங்களுக்குப் பின்னரான ஒரு திகதி. தாயாருடன் போதிய காலம் இருக்கவேண்டும் என்ற ஆசை அந்தத் திகதியில் தெரிந்தது. ஊழியர் அதையும் ஏற்கவில்லை. கையில் இருப்பது 30 நாள் அனுமதி. சாட்சியமும் அந்த 30 நாட்களுக்குள் அமையவேண்டும். இலங்கை சென்று நீடித்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான், ஆனால் இன்னும் கிடைக்காத நீடிப்பு கருமபீடத்தில் கணக்கில் எடுக்கப்படமாட்டாது. 30 நாட்களை எண்ணும்போது புறப்படும் நாளிலிருந்து அல்ல, இலங்கையில் வந்திறங்கும் நாளிலிருந்து எண்ணவேண்டும் என்பதையும் அவர்தான் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர்.

நல்லவேளையாக அந்த இரண்டு மாதச் சீட்டுக்கு அவன் இன்னமும் பணம் கட்டியிருக்கவில்லை. திகதியை மாற்றி, 27ஆவது நாளுக்குரிய சீட்டை 1,400 கனடிய டொலர் சொச்சத்துக்கு வாங்கினான். முதலில் மின்னஞ்சலில் வந்தது ஆறு எழுத்துகளும் எண்களும் கலந்த பதிவு இலக்கம் மாத்திரமே. ஊழியர் அதைப் பார்த்துவிட்டு, சீட்டு இலக்கம் வரட்டும் என்றார். ஆறு இலக்கக் குறியீடு ஆசனம் பதிவாகியிருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். பணம் செலுத்திச் சீட்டு வழங்கப்பட்டிருப்பதைக் காட்டுவது 13 இலக்கங்கள் கொண்ட சீட்டு இலக்கம். அது வந்துசேரப் பதினைந்து நிமிடங்கள் சென்றன. அந்தப் பதினைந்து நிமிடங்களும் தனது வாழ்வின் மிக நீண்ட நேரம் என்று பிறகு சொன்னான். கருமபீடத்தை மூடுவதற்குச் சற்று முன்னர் ஆசன அட்டை கையில் கிடைத்தது.

கட்டுநாயக்காவில் இறங்கியபோது குடிவரவு அதிகாரி அவனது கடவுச்சீட்டைப் பார்த்தார், முத்திரையைக் குத்தினார், அரை நிமிடத்தில் அனுப்பிவிட்டார். 1,400 டொலர் பெறுமதியான அந்தச் சீட்டை எவரும் கேட்கவில்லை.

திகதியைத் தவறவிட்டால்

தாயார் மகனை அடையாளம் கண்டார். அதற்குப் பின்னர் 11 நாட்கள் இருந்தார். செத்தவீட்டுக்கு நானும் சென்றிருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் அந்தியேட்டி 31ஆம் நாள் என்பதைச் சொல்லத்தேவையில்லை. 11ஐயும் 31ஐயும் கூட்டினால் 30 நாள் அனுமதி போதாது. அவன் திணைக்களத்தில் விண்ணப்பித்து விசாவை நீடித்துக்கொண்டான். அதில் பெரிய சிரமம் இருக்கவில்லை. ஆனால், ரொறன்ரோவில் வாங்கிய அந்தச் சீட்டை அவன் முற்றாக மறந்துவிட்டான். துக்கத்தில் இருப்பவனுக்கு அது எப்படி நினைவில் இருக்கும்?

மீளப்பெறக்கூடிய சீட்டு என்றால் எப்போது கேட்டாலும் பணம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. விமானம் புறப்படுவதற்கு முன்னர் அதை இரத்துச் செய்யவேண்டும். செய்யாமல் விட்டால், வராத பயணி என்ற கணக்கில் சேர்த்து ஒரு தொகையைக் கழிக்கும் நிறுவனங்களும் உண்டு, முழுவதையும் இழக்கச்செய்யும் சீட்டு வகைகளும் உண்டு. வாங்குவதற்கு முன்னர் கட்டண விதிகளில் இரண்டு இடங்களைப் பார்க்கவேண்டும்: இரத்துச் செய்தால் கழிவு எவ்வளவு என்பது ஒன்று, வராமல் விட்டால் என்ன என்பது மற்றது. பணமாகத் திரும்புமா அல்லது அதே நிறுவனத்தில் பயன்படுத்தும் வவுச்சராகத் திரும்புமா என்பதையும் கவனிக்கவேண்டும்.

புறப்படும் திகதிக்கு முதல் நாள் மாலை எனக்குத் திடீரென்று அது நினைவுக்கு வந்தது. தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அவன் முற்றத்திலிருந்து எழுந்துபோய் கைத்தொலைபேசியிலேயே இரத்துச் செய்தான். மூன்று வாரங்களுக்குப் பின்னர் பணம் அவனது கடனட்டைக்குத் திரும்பியது. வங்கிக் கழிவுகளில் சில டொலர்கள் போயின. ஆக, சீட்டுக்காக அவன் உண்மையில் இழந்த பணம் அற்பம்தான். ஆனால், 1,400 டொலரை அந்த நிமிடத்தில் கடனட்டையில் செலுத்த வல்லமையற்ற ஒருவனாக இருந்திருந்தால், அவன் தாயின் முகத்தை உயிருடன் கண்டிருக்கமாட்டான்.

எனது அனுபவம் ஒன்று

எனக்கும் இது நேர்ந்திருக்கிறது, இத்தனை கனதியாக அல்ல. சில வருடங்களுக்கு முன்னர் கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்கு ஒருவழிச் சீட்டுடன் புறப்பட்டேன். அங்கிருந்து பஸ்ஸில் கோலாலம்பூருக்குச் சென்று, கோலாலம்பூரிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் திரும்புவது திட்டம். அந்தத் திரும்பும் சீட்டு கையில் இருந்தது, மலேசியாவுக்கான இணைய விசாவும் இருந்தது. ஆயினும் கட்டுநாயக்காவில் மறித்தார்கள். என்னிடம் இருந்தது மலேசியாவிலிருந்து வெளியேறுவதற்கான சீட்டு. சிங்கப்பூரிலிருந்து வெளியேறுவதற்கான சீட்டு எங்கே என்று கேட்டார்கள். எனக்கு முதலில் சினம்தான் வந்தது. யோசித்துப் பார்த்தபோது அவர்கள் கேட்டதில் தர்க்கம் இருந்தது. அந்த இடத்தில் நின்றபடியே இணையத்தில் பஸ் சீட்டை வாங்கிக் காட்டினேன். ஏற்றுக்கொண்டார்கள். விமானச் சீட்டுத்தான் வேண்டும் என்று எல்லா இடங்களிலும் சொல்வதில்லை. ஆனால், பெயரும் திகதியும் உள்ள ஏதோவொரு சீட்டு இருக்கவேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒரு நிபந்தனையை லண்டன் வாழ் உறவினர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பிரிட்டிஷ் கடவுச்சீட்டுடன் விசா விலக்குத் திட்டத்தின் கீழ் விமானத்தில் அமெரிக்கா செல்வோர் திரும்பும் அல்லது அப்பால் செல்லும் சீட்டை வைத்திருக்கவேண்டும். அந்தப் பயணம் கனடாவிலோ மெக்சிக்கோவிலோ கரிபியன் தீவுகளிலோ முடிவடையக்கூடாது, பயணி அந்த இடத்தில் வதிபவராக இருந்தாலன்றி. நியூயோர்க்கில் ஒரு கல்யாணம், பிறகு ரொறன்ரோவில் தங்கை வீடு, திரும்புவதைப் பிறகு பார்க்கலாம் என்று நியூயோர்க் - ரொறன்ரோ சீட்டை மாத்திரம் சாட்சியமாகக் கொண்டுபோகிறவர்கள் இதில் அகப்படுவார்கள். ரொறன்ரோவிலிருந்து லண்டனுக்கான சீட்டையும் சேர்த்தே காட்டவேண்டும்.

வாடகைச் சீட்டு

இந்தச் சிக்கலைப் பயன்படுத்தி ஒரு வியாபாரமும் வளர்ந்திருக்கிறது. பத்துப் பதினைந்து டொலருக்கு உங்கள் பெயரில் ஒரு பயணத்தைப் பதிவுசெய்து தருவார்கள். இரண்டொரு நாட்களில் அது தானாக இரத்தாகிவிடும். இளைஞர்கள் மத்தியில் இது பிரபலம். இதில் இரண்டு விதங்களை வேறுபடுத்திப் பார்க்கவேண்டும். விமான நிறுவனத்தின் கணினியில் உண்மையாகவே பதிவாகியிருக்கும் முன்பதிவு ஒன்று. வெறும் கடதாசியில் தயாரித்த போலிச் சீட்டு மற்றது. இரண்டாவது அப்பட்டமான கள்ள ஆவணம். அதைக் குடிவரவு அதிகாரியிடம் நீட்டுபவர் சீட்டு இல்லாத பயணி என்ற நிலையிலிருந்து பொய்யான ஆவணம் காட்டிய பயணி என்ற நிலைக்குத் தானாகவே இறங்கிக்கொள்கிறார். முந்தியதற்குப் பரிகாரம் உண்டு, பிந்தியது பதிவேட்டில் நிற்கும். அடுத்த விசா விண்ணப்பத்திலும் தலைகாட்டும்.

முதலாவது விதமும் நம்பத்தகுந்தது அல்ல. சீட்டு இலக்கம் இல்லாத முன்பதிவை ஏற்காத ஊழியர்கள் இருக்கிறார்கள் என்பதை எனது தோழனின் அனுபவம் காட்டியது. இடைத்தங்கலுடன் இருபது மணித்தியாலங்களுக்கு மேல் பயணம் செய்து இறங்கும்போது அந்தப் பதிவு கணினியிலிருந்து மறைந்திருக்கவும் கூடும். அதைவிட, திகதி மாற்றக்கூடிய இருவழிச் சீட்டை ஆரம்பத்திலேயே வாங்குவது பல தடவைகளில் மலிவாகவே அமையும். நீண்டதூரப் பயணங்களில் ஒருவழிச் சீட்டின் விலை இருவழிச் சீட்டின் விலையை நெருங்கி நிற்பதும், சிலவேளைகளில் அதை விஞ்சுவதும் புதுமையல்ல. எனது தோழன் முதல் நாளே அந்த இரண்டு விலைகளையும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் இந்த அவதி நேர்ந்திருக்காது.

எனது நிலைப்பாடு

வருபவர் திரும்பிப் போவார் என்பதை உறுதிசெய்ய விரும்பும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால், இந்த நிபந்தனை அதைத்தான் சோதிக்கிறதா என்பதே எனது கேள்வி. தங்கிவிட நினைப்பவன் ஒரு திரும்பும் சீட்டை வாங்கிவிட்டு அதைப் பயன்படுத்தாமல் விடுவான். அவனை இந்த நிபந்தனை ஒருபோதும் தடுப்பதில்லை. திரும்பிப் போகும் எண்ணத்துடன் வருபவன், எப்போது போவது என்பதை நோயோ மரணமோ தீர்மானிக்கவிருப்பதனால், சீட்டில்லாமல் வருகிறான். அவனையே இது மறிக்கிறது. இது எண்ணத்தைச் சோதிக்கவில்லை, கடனட்டையின் எல்லையைச் சோதிக்கிறது.

அப்படியானால் அதை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்வது நல்லது. நியூசிலாந்து வருகை விசா கோருவோரிடம், வெளியேறுவதற்கான சீட்டையோ அல்லது அதை வாங்குவதற்குப் போதிய பணம் இருப்பதற்கான ஆதாரத்தையோ காட்டும்படி கேட்கிறது. பணம்தான் அளவுகோல் என்றால் வங்கிக்கூற்றைக் காட்டுவது போதும். பயன்படுத்தப்போகாத ஆசனத்தை வாங்கிப் பிறகு இரத்துச் செய்யும் கூத்து தேவையில்லை. இலங்கையும் இந்த வழியைப் பின்பற்றலாம். புலம்பெயர்ந்தோரை முதலீட்டுக்கும் விடுமுறைக்கும் கூவி அழைக்கின்ற ஒரு நாடு, சாகக்கிடக்கும் தாயைப் பார்க்க வருபவனிடம் எப்போது போவாய் என்று முதலில் கேட்பது பொருத்தமானதல்ல.

விமான நிறுவனங்களுக்குச் சொல்ல இருப்பது இன்னும் எளிமையானது. ஒருவழிச் சீட்டை விற்கும்போது பயணியின் தேசிய இனத்துவத்தைக் கேட்கலாம். கருமபீடத்தில் பார்க்கும் அதே தகவல் தளத்தை விற்பனைப் பக்கத்திலேயே பார்த்து, இந்தச் சீட்டு மாத்திரம் உங்களுக்குப் போதாது என்று ஒரு வரியில் சொல்லலாம். சொல்லாமல் விற்றுவிட்டுக் கருமபீடத்தில் மறிப்பதும், மறித்த இடத்திலேயே அந்தரப்பட்டு இன்னொரு சீட்டை அதிக விலைக்கு வாங்கவைப்பதும் நேர்மையான வியாபாரம் அல்ல.

அந்தியேட்டி முடிந்து சில நாட்களில் எனது தோழன் கொழும்பு வழியாகத் திரும்பினான். விமான நிலையத்துக்கு நானும் கூடச் சென்றேன். இம்முறை அவனிடம் இருந்ததும் ஓர் ஒருவழிச் சீட்டுத்தான். கருமபீடத்தில் எவரும் எதையும் கேட்கவில்லை. கனடியக் கடவுச்சீட்டுடன் கனடாவுக்குச் செல்பவனிடம் எப்போது திரும்பிப் போவாய் என்று யாரும் கேட்பதில்லை.

"அப்ப மச்சான், என்ரை ஊர் எது எண்டு இவங்கள்தான் முடிவெடுக்கிறாங்கள்" என்றான்.

இரட்டைப் பிரஜாவுரிமை விண்ணப்பத்தை இந்தத் தடவை நிரப்பி அனுப்பியிருக்கிறான் என்று அண்மையில் அறிந்தேன். ஊரில் அவனுக்காகக் காத்திருந்தவர் இப்போது இல்லை.